இலைக்கு யார் பொறுப்பு?

விழா வீட்டில் யாரும் சும்மா இருப்பதில்லை. ஒருவர் மண்டபத்துக்கு ஓடுவார், ஒருவர் ஜவுளிக்கடையில் நிற்பார், ஒருவர் போனை காதிலிருந்து எடுக்கவே மாட்டார். அப்படியிருந்தும் முதல் பந்தி உட்காரும் நேரத்தில் இலைக்கட்டு வந்திருக்காது. இலையைத் தம்பி பார்த்துக்கொள்வான் என்று அண்ணன் இருந்திருப்பார். அண்ணன் மண்டபத்துக்காரரிடமே சொல்லிவிட்டார் என்று தம்பி இருந்திருப்பார். இரண்டு பேருமே பொறுப்பானவர்கள். இரண்டு பேரும் மற்ற பத்து வேலையை ஒழுங்காக முடித்தவர்கள். இலை மட்டும் இருவருக்கும் நடுவில் விழுந்துவிட்டது.

நம் வீடுகளில் பட்டியலுக்குப் பஞ்சமில்லை. சமையல் மாஸ்டர் துண்டுச் சீட்டில் எழுதித் தரும் சாமான் லிஸ்ட் ஒன்று. ஐயரோ பூசாரியோ சொல்லும் பூஜைச் சாமான் லிஸ்ட் இன்னொன்று. பத்திரிகை வைக்க வேண்டிய வீடுகளின் பட்டியல் பழைய டைரியில் இருக்கும். ஆனால் இவை எல்லாம் பொருளையோ பெயரையோ சொல்கின்றனவே தவிர, அதை யார் செய்வது, என்றைக்குள் செய்வது, இப்போது எந்த அளவில் இருக்கிறது என்ற மூன்று கேள்விக்கும் பதில் சொல்வதில்லை. இந்த மூன்றுக்கும் ஒவ்வொரு பத்தி ஒதுக்கி, முதல் பத்தியில் வேலையை எழுதினால் கிடைப்பதுதான் விழா வேலை அட்டவணை. வேலை, பொறுப்பு, கெடு, நிலை என்று நான்கே பத்தி. நோட்டில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டும் எழுதலாம், செல்போனில் கூகுள் ஷீட்டிலும் வைத்துக்கொள்ளலாம்.

கேட்க எளிதாக இருக்கும் இந்த நான்கு பத்தியை நிரப்ப உட்கார்ந்தால்தான் ஒவ்வொன்றிலும் ஒரு முடிச்சு இருப்பது தெரியும். அதைப் பார்க்க ஒரு மாதிரி விழாவை வைத்துக்கொள்வோம். திண்டுக்கல் பக்கம் ஒரு குடும்பம். பேத்திக்குக் காதணி விழா. 2026 ஆகஸ்ட் 30, ஞாயிற்றுக்கிழமை, ஆவணி மாதம். காலையில் குலதெய்வக் கோயிலில் மொட்டை, பிறகு மண்டபத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் காது குத்து, மதியம் ஆட்டுக்கறி பிரியாணி. அழைப்பு சுமார் 400 பேருக்கு.

முதல் பத்தியில் பெரும்பாலும் நடக்கும் கோளாறு, வேலையைப் பெரிய பெரிய கட்டியாக எழுதிவிடுவது. "சமையல்" என்று ஒரு வரி எழுதினால் அது விழா முடியும்வரை முடியாத வரி. அதற்கு என்ன கெடு போடுவது, எப்போது முடிந்தது என்று குறிப்பது? சமையல் என்ற கட்டியை உடைத்தால் மாஸ்டரைப் பேசி முன்பணம் கொடுப்பது, தலைக்கணக்கு சொல்வது, சாமான் லிஸ்ட் வாங்குவது, மளிகை எடுப்பது, கறிக்கடையில் சொல்லி வைப்பது, பாத்திர வாடகை, கேஸ் சிலிண்டர், இலை, குடிதண்ணீர், பரிமாற ஆள், கறி சாப்பிடாதவர்களுக்குத் தனிச் சமையல் என்று பதினொரு வரி வரும். ஒரு வரி சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. ஒரே ஆள் அதை முடிக்க முடிய வேண்டும். முடித்ததும் ரசீதோ பொருளோ ஏதாவது ஒன்றைக் காட்ட முடிய வேண்டும். "கோயில் ஏற்பாடு" என்றால் எதைக் காட்டுவது? "பூசாரியிடம் நாளும் நேரமும் சொல்லி, கோயில் திறக்கச் சம்மதம் வாங்குவது" என்றால் அது வரி.

அந்தக் கோயில் வரியை வேண்டுமென்றே சொல்கிறேன். கிராமத்துக் குலதெய்வக் கோயில்கள் பல தினமும் திறப்பதில்லை. பூசாரி வேறு ஊரில் வேலை பார்ப்பார். பங்காளிகளில் யாரோ ஒருவர் சொல்லியிருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு, காலை 6 மணிக்கு வேனில் போய் இறங்கிப் பூட்டிய கதவைப் பார்க்கும் வீடுகள் உண்டு. எல்லோருக்கும் தெரிந்த வேலை என்பதாலேயே எந்தப் பட்டியலிலும் ஏறாமல் போகிறவை இப்படிச் சில இருக்கும். மொட்டை போட ஆள், காது குத்தும் ஆசாரி, மொய் எழுத இரண்டு பேர், ஊருக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ராத்திரி படுக்கை. அட்டவணை எழுதும் நாளில் வீட்டின் மூத்த பெண்களை அருகில் உட்கார வைத்துக்கொண்டு, கடைசியாக இந்த வீட்டில் நடந்த விழாவைக் காலையிலிருந்து இரவுவரை வாய்விட்டுச் சொல்லச் சொன்னால் இந்த வரிகள் தானாக வந்து விழும். பையன்கள் லேப்டாப்பில் யோசித்து எழுதும் பட்டியலில் இவை வராது.

அடுத்து, பொறுப்பு. இந்தப் பத்தியில் ஒரு வரிக்கு ஒரே பெயர்தான் இருக்க வேண்டும். "அண்ணன், தம்பி" என்று இரண்டு பெயர் எழுதிய வரி, பெயரே எழுதாத வரிக்குச் சமம். பொறுப்பு என்றால் அவரே தூக்கிச் சுமக்க வேண்டும் என்பதில்லை. நான்கு பேரை வைத்துச் செய்துகொள்ளலாம். ஆனால் "என்ன ஆச்சு?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர் ஒருவர்தான்.

சொல்வது சுலபம். நம் குடும்பத்தில் இதைச் செய்வதில் இருக்கும் சங்கடத்தை அலுவலக அட்டவணை எழுதிப் பழகியவர்கள் சட்டென்று உணர மாட்டார்கள். பெரியப்பா பெயருக்கு எதிரே "இலை, ஆகஸ்ட் 25" என்று ஒரு தம்பி மகன் எழுதிவிட முடியாது. எழுதினாலும், கெடு தாண்டியதும் அந்தக் கட்டம் சிவப்பாக மாறி அதை நாற்பது பேர் இருக்கும் குடும்பக் குழுவில் யாரோ படம் பிடித்துப் போட்டால், விழாவுக்கு முன்பே ஒரு வீடு முறுக்கிக்கொண்டு நிற்கும். அதே சமயம் பெரியப்பாவைக் கேட்காமல் மண்டபம் பிடித்தாலும் அதே கதைதான். இதற்கு நடைமுறையில் நன்றாக வேலை செய்வது, பொறுப்புக்குப் பக்கத்தில் "யாரைக் கேட்டு" என்று ஒரு சின்னப் பத்தி சேர்ப்பது. மண்டபம் பேசுவது அப்பாவின் பொறுப்பு, கேட்க வேண்டியவர் பெரியப்பா. சமையல் மாஸ்டரைப் பேசுவது சித்தப்பா, கேட்க வேண்டியவர் பாட்டி. ஓடுகிறவர் பெயரில் கெடு, மூத்தவர் பெயரில் மரியாதை. மூத்தவருக்கு அலைச்சலும் இல்லை, தன்னைக் கேட்கவில்லை என்ற குறையும் இல்லை.

காதணி விழாவில் இதைவிடச் சிக்கலானது தாய்மாமன் வீட்டு வேலை. சீர்த் தட்டு, பட்டுப்பாவாடை, தோடு, மாலை, மேளம், ஊர்வலம் எல்லாம் அவர்கள் கௌரவம். அதை நம் அட்டவணையில் எழுதி அவர்களுக்குக் கெடு வைப்பது மரியாதையில்லை. எழுதாமல் விட்டாலும் சிக்கல்தான். தோடு வந்து சேராமல் ஆசாரி காத்திருக்க முடியாது, 51 தட்டு வருகிறது என்றால் அதை வைக்க மேடையில் இடம் வேண்டும், சீருடன் வருகிற அறுபது பேர் தலைக்கணக்கில் சேர வேண்டும், ஊர்வலம் புறப்படும் நேரத்தை வைத்துத்தான் நல்ல நேரம் தவறாமல் காது குத்த முடியும். ஆகவே தாய்மாமனின் வேலைகளை அப்படியே விட்டுவிட்டு, அவர்களிடமிருந்து நமக்குத் தெரிய வேண்டிய தகவல்களை மட்டும் வரியாக எழுத வேண்டும். "சீருடன் எத்தனை பேர், கேட்டுச் சொல்வது", "ஊர்வலம் எங்கிருந்து, எத்தனை மணிக்கு, கேட்டுச் சொல்வது". இதற்குப் பொறுப்பு குழந்தையின் அம்மா. தன் அண்ணனிடம் அவர் கேட்பது கேள்வியாக இருக்கும். மாமனார் வீட்டிலிருந்து வேறு யார் கேட்டாலும் அது விசாரணையாகத் தோன்றும்.

இனி கெடு. விழா நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுவதுதான் முறை. இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணினால் எல்லாவற்றுக்கும் நிறைய நாள் இருப்பதாகவே தோன்றும். ஆனால் பின்னோக்கி எண்ணுவதிலும் நம் பஞ்சாங்கம் குறுக்கே வரும். நம் மாதிரி வீட்டில் பேரன் ஒருவன் முதலில் போட்ட அட்டவணையில், பத்திரிகை வைக்கத் தொடங்குவது விழாவுக்கு 30 நாள் முன் என்று இருந்தது என்று வைத்துக்கொள்வோம். கணக்குப்படி ஜூலை 31. அது ஆடி மாதம். ஜூலை 17 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில்தான் முடிகிறது. ஆடியில் பத்திரிகை எடுத்துக்கொண்டு எந்த வாசலையும் மிதிக்க மாட்டேன் என்று பாட்டி சொன்னால் அந்த வரி மட்டும் நகராது. அதைத் தொட்டு நிற்கும் வரிகள் எல்லாம் நகரும்.

எப்படி என்று பார்ப்போம், ஏனென்றால் அட்டவணையின் உயிர் இந்தச் சங்கிலியில்தான் இருக்கிறது. பத்திரிகை வைத்தால்தான் யார் யார் வருவார்கள் என்று தெரியும். அது தெரிந்தால்தான் தலைக்கணக்கு. தலைக்கணக்கு சொன்னால்தான் மாஸ்டர் சாமான் லிஸ்ட் கொடுப்பார். லிஸ்ட் வந்தால்தான் மளிகை, கறி, இலை, பாத்திரம். ஆவணி பிறந்த பிறகுதான் பத்திரிகை என்றால், ஆகஸ்ட் 17, 18-இல் தொடங்கி 400 பேருக்குரிய வீடுகளை ஏறி இறங்க ஒரு வாரம் போதாது. பின்னால் இருக்கும் ஐந்தாறு வேலைகளும் கடைசி நான்கு நாளில் வந்து நெருக்கும்.

இதற்கு அந்த வீட்டில் பேசி எடுக்கக்கூடிய முடிவு ஒன்று உண்டு. பத்திரிகையை ஆடி பிறப்பதற்கு முன்பே அச்சடித்து, முதல் பத்திரிகையைக் குலதெய்வத்துக்கு வைத்துவிடுவது. விழாவுக்கு 45 நாள் முன், அதாவது ஜூலை 16, ஆனி முடிகிற நாள், இதற்குக் கெடு. ஆகஸ்ட் முதல் வாரத்தில் வருகிற ஆடிப்பெருக்கைப் பல குடும்பங்கள் நல்ல காரியம் தொடங்க ஏற்ற நாளாகவே வைத்திருக்கின்றன. அன்றைக்கு நெருங்கிய உறவில் ஒன்றிரண்டு வீட்டுக்கு வைத்துத் தொடங்கிவிட்டால், மற்ற வீடுகளுக்கு 20-ஆம் தேதிவரை நாள் கிடைக்கும். பாட்டி இதற்குச் சம்மதிப்பாரா என்பது வேறு விஷயம். சம்மதிக்காத வீட்டில் வெளியூர் உறவுகளுக்குப் போனில் தேதியை மட்டும் முன்னதாகச் சொல்லிவிட்டு, பத்திரிகையை ஆவணியில் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எப்படியானாலும் முடிவு அட்டவணை எழுதும் நாளிலேயே எடுக்கப்பட வேண்டும். ஜூலை கடைசியில் தெரியவந்தால் செய்வதற்கு ஒன்றுமில்லை.

சங்கிலியின் நடுவில் இருக்கும் தலைக்கணக்குக்கு வருவோம். ஒரு கிலோ அரிசி பிரியாணி 8 முதல் 10 பேருக்குப் போதும் என்பது பொதுவான கணக்கு. 400 பேருக்கு 40 முதல் 50 கிலோ அரிசி. அரிசிக்குச் சமமாகவோ சற்றுக் கூடவோ கறி. தலைக்கணக்கில் நூறு பேர் கூடக் குறைந்தால் பத்துப் பன்னிரண்டு கிலோ அரிசியும் அதே அளவு கறியும் கூடவோ குறையவோ செய்யும். இன்றைய ஆட்டுக்கறி விலைக்கு அது சின்னத் தொகையில்லை. ஆகவே "தலைக்கணக்கு முடிவு" என்பதற்குத் தனி வரி, தனி ஆள், தனிக் கெடு வேண்டும். நம் அட்டவணையில் அது அம்மாவின் பொறுப்பு, விழாவுக்கு 8 நாள் முன், ஆகஸ்ட் 22. மறுநாள் 23-ஆம் தேதி சித்தப்பா அந்த எண்ணை மாஸ்டரிடம் சொல்லி லிஸ்ட் வாங்க வேண்டும். 25-இல் மளிகைக்குச் சொல்லி, 28-இல் சாமான் வந்து இறங்க வேண்டும். 25-க்கும் 28-க்கும் நடுவில் இருக்கும் நாட்கள், ஏதாவது ஒன்று வராமல் போனால் இன்னொரு கடைக்குப் போக வைத்த இடைவெளி. அதை யாராவது "சும்மாதானே கிடக்கிறது" என்று தின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பின்னோக்கி எண்ணிய கெடு எந்தக் கிழமையில் விழுகிறது என்பதையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. இந்த விழாவுக்கு 15 நாள் முன் என்றால் ஆகஸ்ட் 15. அன்றைக்கு பாங்க் கிடையாது, பல கடைகளும் அச்சகங்களும் திறக்காது. கட்டத்தில் எண் சரியாகத்தான் இருக்கும், ஷட்டர் மூடியிருக்கும்.

இந்தச் சங்கிலியை மட்டும் அட்டவணையாக எழுதினால் இப்படி வரும். நாள் ஆகஸ்ட் 19 என்று வைத்துக்கொள்வோம்.

| வேலை | பொறுப்பு | யாரைக் கேட்டு | கெடு | நிலை |
|---|---|---|---|---|
| மண்டபம் | அப்பா | பெரியப்பா | ஜூலை 1 | முடிந்தது |
| பத்திரிகை அச்சு | அத்தை மகன் | தாத்தா | ஜூலை 16 | முடிந்தது |
| பூசாரியிடம் சொல்வது | சித்தப்பா | தாத்தா | ஆகஸ்ட் 10 | பேசியாச்சு |
| பத்திரிகை வைப்பது | அப்பா | பாட்டி | ஆகஸ்ட் 20 | 38 வீடு பாக்கி |
| சீருடன் எத்தனை பேர் | அம்மா | – | ஆகஸ்ட் 21 | தொடங்கவில்லை |
| தலைக்கணக்கு முடிவு | அம்மா | அப்பா | ஆகஸ்ட் 22 | தொடங்கவில்லை |
| சாமான் லிஸ்ட் | சித்தப்பா | பாட்டி | ஆகஸ்ட் 23 | தொடங்கவில்லை |
| இலை சொல்வது | அண்ணன் | – | ஆகஸ்ட் 25 | பேசியாச்சு |

இதைப் பழகிய கண் எங்கே பார்க்கும்? பத்திரிகை வைப்பதற்குக் கெடு நாளை, இன்னும் 38 வீடு பாக்கி. அப்பா ஒருவரால் ஒரு நாளில் முடியாது. கெடு தாண்டவில்லை என்பதால் அந்த வரி சிவப்பாகத் தெரியாது, ஆனால் தலைக்கணக்கு தள்ளிப்போகப் போகிறது என்பது இப்போதே தெரிந்துவிட்டது. செய்ய வேண்டியது, அந்த 38 வீட்டை இன்றைக்கே தெரு தெருவாகப் பிரித்து இரண்டு மூன்று ஜோடிகளை அனுப்புவது. அடுத்து பூசாரி வரி. கெடு முடிந்து ஒன்பது நாள் ஆகியும் "பேசியாச்சு" என்றே நிற்கிறது. அதைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும்.

நிலை என்ற பத்தியில்தான் குடும்ப அட்டவணைகள் பெரும்பாலும் பொய் சொல்லத் தொடங்குகின்றன. யாரும் வேண்டுமென்று பொய் சொல்வதில்லை. "என்ன ஆச்சு?" என்று கேட்டால் "நடந்துக்கிட்டிருக்கு" என்று வரும் பதில், அப்படியே கட்டத்தில் ஏறிவிடுகிறது. ஒரு போன் செய்து ரிங் போனதும் நடந்துகொண்டிருப்பதுதான். முழுப்பணம் கொடுத்து ரசீது வாங்க வேண்டியது மட்டும் பாக்கி என்பதும் நடந்துகொண்டிருப்பதுதான். இரண்டுக்கும் ஒரே சொல் இருந்தால் அந்தப் பத்தி எதற்கு?

ஆகவே நிலைக்கு வைக்கும் சொற்கள், கண்ணால் பார்க்கக்கூடிய ஏதோ ஒன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். தொடங்கவில்லை, பேசியாச்சு, அட்வான்ஸ் கொடுத்தாச்சு, முடிந்தது, சிக்கல் என்று ஐந்து சொல் போதும். இதில் "பேசியாச்சு" என்பதற்கும் "அட்வான்ஸ் கொடுத்தாச்சு" என்பதற்கும் நடுவில்தான் பெரும்பாலான விழாக்கள் இடறுகின்றன. முகூர்த்த நாளில் மேளக்காரர், மைக்செட்காரர், வேன்காரர், போட்டோகிராபர் எல்லோருக்கும் ஒரே நாளில் நான்கு அழைப்பு வரும். "பார்த்துக்கலாம் அண்ணே, நம்ம வீட்டு விசேஷம்" என்று அவர் சொன்னது உண்மையான அன்புதான். ஆனால் வேறொருவர் 2,000 ரூபாயை முன்பணமாகக் கையில் கொடுத்துவிட்டால் அந்த நாள் அவருக்குப் போய்விடும். நம்மிடம் சொல்லத் தயங்கி, விழாவுக்கு இரண்டு நாள் முன்புதான் போன் செய்வார். முன்பணம் கொடுத்து, தேதியும் நேரமும் எழுதிய சீட்டைப் போனில் படம் பிடித்து வைத்த பிறகே அந்த வரி நிலை மாற வேண்டும்.

பூசாரி விஷயத்தில் அட்வான்ஸ் என்று ஒன்று இல்லை. தட்சிணையை முன்கூட்டிக் கொடுப்பது வழக்கமும் இல்லை. இப்படிப்பட்ட வரிகளில் எது நடந்தால் முடிந்தது என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். சாவி யாரிடம் இருக்கும், அவர் முதல் நாள் இரவே ஊருக்கு வந்துவிடுவாரா, அவரால் முடியாவிட்டால் யார் வருவார் என்ற மூன்றும் தெரிந்தால் முடிந்தது. தெரியாதவரை சித்தப்பா பத்து முறை பேசியிருந்தாலும் அது "பேசியாச்சு"தான்.

"சிக்கல்" என்ற சொல்லுக்கு ஒரு விதி வைத்துக்கொள்ளலாம். அதை எழுதுகிறவர் யாருக்காக, எதற்காகக் காத்திருக்கிறார் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். "சிக்கல், மண்டபத்தில் வெளிச் சமையல் மாஸ்டருக்கு அனுமதியில்லை என்கிறார்கள், பெரியப்பா பேச வேண்டும்." இப்படி எழுதினால் அடுத்து அசைய வேண்டியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். வெறும் "சிக்கல்" என்றால் எல்லோரும் கவலைப்படுவார்கள், யாரும் அசைய மாட்டார்கள்.

கூகுள் ஷீட்டில் வைத்துக்கொள்கிறவர்களுக்குச் சில நுணுக்கங்கள். விழா தேதியை B1 கட்டத்தில் ஒரே ஒரு இடத்தில் எழுதுங்கள். நான்காவது வரியிலிருந்து வேலைகள். A வேலை, B பொறுப்பு, C எத்தனை நாள் முன், D கெடு, E நிலை என்று வைத்துக்கொண்டால், D4 கட்டத்தில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

```
=$B$1-C4
```

இதைக் கீழே இழுத்துவிட்டால் எல்லாக் கெடுவும் தானாக வரும். விழா ஒரு வாரம் தள்ளிப்போனால் B1-ஐ மட்டும் மாற்றினால் போதும். கெடுவுக்குப் பதில் 46 ஆயிரத்துச் சொச்சம் என்று ஓர் எண் வந்தால் பயப்பட வேண்டாம், அந்தப் பத்தியைத் தேதி வடிவத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும். உண்மையிலேயே பயப்பட வேண்டியது வேறொன்று. ஷீட் அமெரிக்க அமைப்பில் இருந்தால் 5/8 என்று நீங்கள் எழுதும் ஆகஸ்ட் 5, மே 8 ஆகிவிடும். 30/8/2026 என்று எழுதினால் அது தேதியே இல்லை என்று எடுத்துக்கொண்டு #VALUE! என்று காட்டும். இரண்டாவது பரவாயில்லை, கண்ணில் படும். முதலாவது சத்தமில்லாமல் தவறிவிடும். File, அதற்குள் Settings, அதற்குள் Locale என்பதில் India என்று மாற்றிவிட்டுத்தான் முதல் தேதியை எழுத வேண்டும்.

கெடு தாண்டிய வரி சிவப்பாக வேண்டுமானால், Conditional formatting பகுதியில் Custom formula is என்பதைத் தேர்ந்து, A4 முதல் E60 வரை இதைக் கொடுக்கலாம்:

```
=AND($A4<>"",$D4<TODAY(),$E4<>"முடிந்தது")
```

இங்கே ஒரு தமிழ்ச் சிக்கல் உண்டு. ஒருவர் "முடிந்தது" என்பார், ஒருவர் "முடிஞ்சது" என்று தட்டுவார், ஒருவர் "ஓகே" என்பார். சூத்திரத்துக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். முடிந்த வேலையும் சிவப்பாகவே நிற்கும், இரண்டு நாளில் சிவப்பைப் பார்த்துப் பார்த்து எல்லோருக்கும் மரத்துப்போகும். நிலைப் பத்திக்கு Dropdown வைத்து அந்த ஐந்து சொல்லை மட்டும் தேர்ந்தெடுக்க விடுவதே இதற்கு மருந்து. "38 வீடு பாக்கி" போன்ற விவரத்துக்குப் பக்கத்தில் ஒரு குறிப்புப் பத்தி வைத்துக்கொள்ளலாம்.

பத்தி சேர்ப்பதை அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஐ.டி.யில் வேலை பார்க்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் முன்னுரிமை, சதவீதம், மதிப்பீடு, உண்மைச் செலவு என்று பதினான்கு பத்தி வந்துவிடும். போனில் திறந்தால் வேலையும் நிலையும் ஒரே திரையில் தெரியாது. விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டிய அட்டவணையை அத்தை இரண்டாம் முறை திறக்க மாட்டார். பணக்கணக்கைத் தனித் தாளில் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாஸ்டருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பது நாற்பது பேர் பார்க்க வேண்டிய விஷயமில்லை.

அதே காரணத்தால், எல்லோருக்கும் திருத்தும் அனுமதி கொடுப்பதும் வேண்டாம். யாரோ ஒருவர் ஒரு பத்தியை மட்டும் தேர்ந்து வரிசை மாற்றிவிட்டால், இலை வரியில் பூசாரியின் நிலை வந்து உட்காரும். பார்க்க எல்லோரும், எழுத இரண்டு பேர். எழுதுகிற இருவரில் ஒருவர் தினமும் இரவு சாப்பாடு முடிந்த நேரத்தில், அன்றைக்கும் மறுநாளைக்கும் கெடு இருக்கும் நபர்களுக்கு மட்டும் போன் செய்து கேட்டு நிலையை மாற்ற வேண்டும். அவரவரே போய் மாற்றிக்கொள்வார்கள் என்று நம்பி விட்ட அட்டவணை ஒரு வாரத்தில் செத்துவிடும். உயிர் இருக்கிறதா என்று பார்க்க, "கடைசியாகக் கேட்ட தேதி" என்று ஒரு பத்தி இருந்தால் போதும். ஐந்து நாளாக யாரும் கேட்காத வரியில் என்ன நிலை எழுதியிருந்தாலும் அதை நம்ப வேண்டாம். தாத்தா பாட்டிக்கு வாரம் ஒரு முறை பெரிய எழுத்தில் ஒரு தாளில் அச்செடுத்துச் சுவரில் ஒட்டுவது நல்லது. அவர்கள் பேனாவால் அதில் எழுதி வைக்கும் திருத்தங்கள் பல நேரம் ஷீட்டில் இருப்பதைவிடச் சரியாக இருக்கும்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்பு இந்த அட்டவணை பயன்படாமல் போகும். அது நாள் கணக்கில் ஓடுவது. அன்றைய வேலை மணிக்கணக்கில் ஓடுவது. 28-ஆம் தேதி மாலை வேறு ஒரு தாள் எடுத்து, காலை 4 மணிக்குக் கறி வந்து இறங்குவது, 5 மணிக்கு வேன் புறப்படுவது, மொட்டை, மண்டபத்துக்குத் திரும்புவது, சீர் ஊர்வலம், காது குத்து, முதல் பந்தி என்று நேரத்தை இடப்பக்கத்திலும் பெயரையும் செல் நம்பரையும் வலப்பக்கத்திலும் எழுதிக்கொள்ள வேண்டும். கோயிலுக்குப் போகிறவர் பெயரில் மண்டபத்து வேலை எதுவும் அந்த நேரத்தில் இருக்கக் கூடாது. தனித்தனி வரியாகப் பார்த்தால் இந்த மோதல் தெரியாது, பெயர் வாரியாகப் பிரித்துப் பார்த்தால் உடனே தெரியும். பெரும்பாலும் மாட்டிக்கொள்பவர் குழந்தையின் அப்பா. கறி இறங்கும்போது கிலோ பார்க்க வேண்டியவரும் அவர், கோயிலில் நிற்க வேண்டியவரும் அவர். அன்றைக்கு அவர் பெயரில் ஒரு வேலையும் எழுதாமல், வாசலில் நின்று வருகிறவர்களை வாங்க என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவைப்பது நல்ல ஏற்பாடு.

பழைய அட்டவணையின் அடிப்பகுதி மட்டும் விழா முடிந்த பிறகும் திறந்திருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் எழுதப்படாத வரிகள் இவை. மண்டபத்துக்குக் கட்டிய முன்வைப்புத் தொகையைத் திரும்ப வாங்குவது, காலி சிலிண்டர் கொடுப்பது, மாஸ்டருக்கும் மைக்செட்டுக்கும் மீதித் தொகை, போட்டோ ஆல்பத்துக்குப் படம் தேர்ந்து கொடுப்பது, மொய் நோட்டைக் கூட்டிச் சரிபார்த்துப் பத்திரப்படுத்துவது. இவற்றில் பாத்திர வாடகை வரிக்கு மட்டும் கெடுவை அன்றைய மாலை என்றே போட வேண்டும். வாங்கும்போது கொடுத்த சீட்டில் எத்தனை அண்டா, எத்தனை வாளி, எத்தனை கரண்டி என்று எண்ணிக்கை இருக்கும். கடைசிப் பந்தி எழுந்ததும், மண்டபத்தைக் கழுவி விடுவதற்கு முன்பே, அந்தச் சீட்டை வைத்து எண்ணிவிட்டால் காணாமல் போன கரண்டி இலைக் குப்பையிலிருந்து கிடைக்கும். மறுநாள் எண்ணினால் காசு கொடுக்க வேண்டியதுதான்.